எந்த முகடு அன்பேலன்ஸ்?

சுழலும் தண்டில் எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால்தான் அது அமைதியாக ஓடும். ஒரு பக்கம் சில கிராம் கூடிவிட்டால், சுழலும்போது அந்தப் பக்கம் தண்டை வெளியே இழுக்கும். தொழிற்சாலைகளில் இந்தக் குறையை அன்பேலன்ஸ் என்கிறார்கள். துணி துவைக்கும் எந்திரத்தில் ஈரத்துணி ஒரே பக்கம் திரண்டுவிட்டால் எந்திரம் முழுவதும் குதிப்பதும் இதே காரணத்தால்தான்.

கூடுதல் எடை சிறியதாக இருக்கலாம். அது உண்டாக்கும் விசை சிறியதல்ல. எடை, அது மையத்திலிருந்து இருக்கும் தூரம், சுழல்வேகத்தின் இருமடி ஆகிய மூன்றையும் பெருக்கினால் விசை கிடைக்கும். ஒரு புளோயரின் இம்பெல்லரில் மையத்திலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி 50 கிராம் தூசி ஒட்டிக்கொண்டது என்று கொள்வோம். இம்பெல்லர் நிமிடத்துக்கு 1044 சுற்று சுழன்றால் அந்த 50 கிராம் சுமார் 24 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தண்டை இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். இந்த இழுப்பு தண்டோடு சேர்ந்தே சுற்றுவதால் பேரிங்கை ஒரு கணம் வலப்பக்கமும் அரைச்சுற்று கழித்து இடப்பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அன்பேலன்ஸின் அதிர்வெண் என்ன என்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது கனமான இடம் ஒரே ஒரு முறைதான் பேரிங்கின் வலப்பக்கத்தைக் கடக்கிறது. எனவே பேரிங் உணரும் தள்ளலும் சுற்றுக்கு ஒன்றுதான். நிமிடத்துக்கு 1044 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1044 தள்ளல். 60 ஆல் வகுத்தால் வினாடிக்கு 17.4, அதாவது 17.4 ஹெர்ட்ஸ். அதிர்வு அளக்கும் கருவிகளில் இதை 1X என்று குறிப்பார்கள். சில கருவிகள் ஹெர்ட்ஸுக்குப் பதிலாக CPM என்ற அலகில் காட்டும். அது நிமிடக்கணக்கு என்பதால் அங்கே 1044 என்ற எண்ணே திரையில் வரும்.

விதி இவ்வளவு எளிதாக இருந்தும் வேலைக்குப் புதியவர்கள் திரையைப் பார்த்துத் தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே எந்திரத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் தண்டுகள் இருக்கும். தண்டின் உண்மையான வேகம் நேம்பிளேட்டில் எழுதியிருக்கும் வேகமாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. கருவியும் அதிர்வெண்ணைப் படிப்படியாக வெட்டித்தான் காட்டுகிறது. படிகள் அகலமாக இருந்தால் அருகருகே உள்ள இரண்டு அதிர்வுகள் ஒன்றாகத் தெரியும். பெல்ட் மூலம் ஓடும் ஒரு புளோயரில் இவை எல்லாம் ஒருசேர வரும் என்பதால், அதையே எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்பது நல்லது.

எந்திரமும் அதன் கணக்கும்

தூசி உறிஞ்சும் அமைப்பில் இயங்கும் ஒரு புளோயர். அதை ஓட்டுவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார். நேம்பிளேட்டில் 1470 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. மோட்டார் புல்லியின் விட்டம் 200 மில்லிமீட்டர், புளோயர் புல்லியின் விட்டம் 280. இரண்டையும் வி-பெல்ட்டுகள் இணைக்கின்றன. பெல்ட்டின் நீளம் 2356 மில்லிமீட்டர். புளோயர் தண்டை இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங்குகள் தாங்குகின்றன; பத்துச் சிறகுள்ள இம்பெல்லர் அந்தப் பேரிங்குகளுக்கு வெளியே தண்டின் முனையில் தொங்குகிறது. சில வாரங்களாக அதிர்வு கூடியிருக்கிறது. மோட்டாரா, பெல்ட்டா, இம்பெல்லரா என்பதுதான் கேள்வி.

கருவியைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு தாளில் இந்த எந்திரம் எந்தெந்த அதிர்வெண்களைத் தரக்கூடும் என்று எழுதிவிட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டுவதே இல்லை. திரையை முதலில் பார்த்துவிட்டால் உயரமான முகட்டின் மீது கண் போய் நின்றுவிடும். அதற்கு ஒரு காரணத்தை மனம் தானாகவே பொருத்திக்கொள்ளும். தாளில் எழுதிய எண்களோடு திரைக்குப் போனால், ஒவ்வொரு முகட்டையும் அதற்குரிய இடத்தில் தேடலாம்.

நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும். ரோட்டார் அதைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் ஓடும். நேம்பிளேட்டில் உள்ள 1470 முழுச் சுமையில் ஓடும்போது இருக்கும் வேகம். சுமை குறைந்தால் வேகம் 1500-ஐ நோக்கி ஏறும். நம் மோட்டார் முழுச் சுமையில் இல்லை. டேக்கோமீட்டர் 1476 காட்டுகிறது. 60 ஆல் வகுத்தால் 24.6 ஹெர்ட்ஸ். மோட்டாரின் 1X இதுதான்.

புளோயரின் வேகத்தைப் புல்லி விட்டங்களை வைத்துக் கணக்கிட்டால் 1476-ஐ 200 ஆல் பெருக்கி 280 ஆல் வகுக்க வேண்டும், 1054 ஆர்.பி.எம்., அதாவது 17.57 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆனால் டேக்கோமீட்டர் புளோயர் தண்டில் 1044-ஐத்தான் காட்டுகிறது. வி-பெல்ட் சற்று நழுவி ஓடுவதே வித்தியாசத்துக்குக் காரணம். இங்கே நழுவல் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். கணக்கிட்ட வேகத்தை நம்பியவர் 17.57-இல் முகட்டைத் தேடுவார். உண்மையான முகடு 17.4-இல் நிற்கும். பெல்ட் ஓட்டும் எந்திரத்தில் ஒவ்வொரு தண்டின் வேகத்தையும் தனித்தனியாக அளப்பது இதனால்தான் கட்டாயமாகிறது. வி.எஃப்.டி. வைத்து ஓட்டும் மோட்டாரில் இது இன்னும் முக்கியம். டிரைவ் 42 ஹெர்ட்ஸ் தந்தால் காந்தப்புலத்தின் வேகமே 1260-ஆகிவிடும். நேம்பிளேட் எண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

வேகத்தை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. எந்திரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டபின் தண்டில் ஒளி திருப்பும் டேப் ஒட்டி, பிறகு ஓட்டிவிட்டு லேசர் டேக்கோமீட்டரால் படிப்பது நேரான வழி. ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை தேவை. தண்டில் உள்ள ஒரு குறி 1044 மின்னலில் அசையாமல் நிற்பதுபோலவே 522-லும் 348-லும் நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றிலும் விளக்கு மின்னும். 2088-இல் எதிரெதிரே இரண்டு குறிகள் தெரியும். எனவே உயர்ந்த எண்ணில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஒற்றைக் குறி முதன்முதலாக அசையாமல் நிற்கும் இடம்தான் தண்டின் வேகம்.

அடுத்தது பெல்ட். புளோயர் புல்லியின் சுற்றளவை அதன் வேகத்தால் பெருக்கினால் பெல்ட் வினாடிக்கு ஏறத்தாழ 15.3 மீட்டர் ஓடுவது தெரியும். பெல்ட்டின் நீளமான 2.356 மீட்டரால் வகுத்தால் வினாடிக்கு 6.5 சுற்று. பெல்ட்டில் ஓரிடம் தடித்தோ கிழிந்தோ இருந்தால் அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு புல்லிகளையும் கடக்கும்; அதனால் 6.5-இன் இருமடங்கான 13 ஹெர்ட்ஸிலும் முகடு எழும், பல நேரம் அதுவே பெரிதாகவும் இருக்கும். மும்மடங்கு 19.5, நான்கு மடங்கு 26. இவற்றில் 19.5 புளோயரின் 17.4-க்கு அருகிலும், 26 மோட்டாரின் 24.6-க்கு அருகிலும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். குழப்பம் எங்கே வரப்போகிறது என்பதைத் தாளே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

மீதி இரண்டு எண்கள் எளியவை. பத்துச் சிறகுகள் ஒவ்வொரு சுற்றிலும் காற்றை வெட்டுவதால் 174 ஹெர்ட்ஸில் ஒரு முகடு வரும். மோட்டாரின் காந்தவிசை மின்சாரத்தின் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கில் துடிக்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸில் இன்னொன்று வரும்.

திரை எப்படி வரையப்படுகிறது

பேரிங் உறைமீது வைக்கும் சென்சார் தருவது எல்லா அதிர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிய ஒற்றை அலை. எந்தச் சிக்கலான அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்க முடியும் என்ற கருத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் விளக்கினார். அந்தப் பிரிப்பைக் கணினி விரைவாகச் செய்யும் முறையைக் கூலி, டூக்கி என்ற இருவர் 1965-இல் வெளியிட்டார்கள். கையடக்கக் கருவியில் இன்று நடப்பது அதுதான். பிரித்த ஒவ்வொரு அலையும் தன் அதிர்வெண்ணுக்குரிய இடத்தில், தன் வலிமைக்கேற்ற உயரத்தில், ஒரு கோடாக நிற்கும். அந்தப் படத்தைத்தான் ஸ்பெக்ட்ரம் என்கிறோம்.

அந்தக் கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதை அளப்பவர்தான் தீர்மானிக்கிறார். கருவியில் Fmax என்ற அமைப்பு, படம் எந்த அதிர்வெண் வரை வேண்டும் என்பதைக் கேட்கிறது. Lines என்பது அந்த நீளத்தை எத்தனை கோடுகளாக வெட்ட வேண்டும் என்பதைக் கேட்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு படியின் அகலம் கிடைக்கும்.

நம் புளோயரில் முதல் அளவீட்டைப் பலரும் செய்வதுபோல் 1000 ஹெர்ட்ஸ், 400 கோடு என்று வைத்து எடுத்ததாகக் கொள்வோம். ஒரு படி 2.5 ஹெர்ட்ஸ். திரையில் 17.5-இல் ஓர் அகன்ற மேடு தெரிகிறது. அதன் வலப்பக்கச் சரிவு 20-ஐத் தாண்டி இறங்குகிறது. 25-இல் இன்னொரு மேடு. முதல் மேட்டில் புளோயரின் 17.4-ம் பெல்ட்டின் 19.5-ம் சேர்ந்து கிடக்கின்றன. இரண்டாவதில் மோட்டாரின் 24.6-ம் பெல்ட்டின் 26-ம் கலந்திருக்கின்றன. இந்தப் படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அளவை முனைகளை மென்மையாக்க வழக்கமாகப் பயன்படுத்தும் ஹானிங் சாளரம் ஒவ்வொரு கோட்டையும் ஏறத்தாழ ஒன்றரைப் படி அகலத்துக்கு விரிப்பதால், இந்த அமைப்பில் உண்மையில் பிரிக்கும் திறன் 3.75 ஹெர்ட்ஸ்தான். அருகருகே 2.1 ஹெர்ட்ஸ் தூரத்தில் உள்ள இரண்டு அதிர்வுகளை அது பிரிக்காது.

எனவே Fmax-ஐ 200 ஹெர்ட்ஸாகக் குறைத்து, கோடுகளை 1600 ஆக்க வேண்டும். ஒரு படி இப்போது 0.125 ஹெர்ட்ஸ். இதற்கு ஒரு விலை உண்டு: கோடுகளின் எண்ணிக்கையை Fmax-ஆல் வகுத்தால் வரும் வினாடிகள் அளவுக்கு எந்திரத்தைக் கேட்க வேண்டும். முன்பு 0.4 வினாடியில் முடிந்த ஒரு பதிவுக்கு இப்போது 8 வினாடி தேவை. சில பதிவுகளை எடுத்துச் சராசரி பார்ப்பதற்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த அரை நிமிடம் முழுக்க எந்திரத்தின் வேகம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. சுமை ஏறி இறங்கி வேகம் ஆடிக்கொண்டிருந்தால், எவ்வளவு நுண்ணிய படி வைத்தாலும் முகடு விரிந்து மங்கிவிடும்.

சென்சார் வைக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு சொல். காந்த அடியுள்ள சென்சார் பெயின்ட் உரிந்த, சமமான உலோகப் பரப்பில், பேரிங்குக்கு நெருக்கமாக ஒட்ட வேண்டும். ஒட்டிய உடனே பதிவைத் தொடங்கக் கூடாது. சில வினாடி விட்டுத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் படத்தின் இடது ஓரத்தில், பூஜ்யத்துக்கு அருகே, சறுக்குமேடு போல உயர்ந்து இறங்கும் ஒரு வளைவு வரும். எந்திரத்தில் அப்படி ஓர் அதிர்வு இல்லை. சென்சார் தரும் முடுக்கத்தைக் கருவி திசைவேகமாக மாற்றும்போது, மிகக் குறைந்த அதிர்வெண்ணில் உள்ள சிறு இரைச்சல்கூடப் பெரிதாகிவிடுகிறது. தளர்ந்த சென்சாரும் சூடான பரப்பில் திடீரென வைத்த சென்சாரும் அந்த இரைச்சலைக் கூட்டும். கருவி இதையே உயர்ந்த முகடாகப் பட்டியலில் காட்டும்போது புதியவர்கள் ஏமாறுவதுண்டு.

முகடுகளைப் பொருத்துதல்

நுண்ணிய படியில் எடுத்த படம், புளோயரின் புல்லிப் பக்கப் பேரிங்கில் கிடைவாட்டில், இப்படி இருக்கிறது. 6.5 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 0.6 மில்லிமீட்டர். 13-இல் 1.9. 17.375-இல் 6.8. 19.5-இல் 0.8. 24.625-இல் 2.2. பிறகு 100-இல் 0.4-ம், 174-இல் 0.9-ம். மொத்த அதிர்வு வினாடிக்கு 7.5 மில்லிமீட்டர் சுற்றி நிற்கிறது.

17.4 என்று எதிர்பார்த்த இடத்தில் 17.375 என்று வந்திருப்பது பிழையல்ல. படிகள் 0.125 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் 17.4 என்ற இடத்தில் கோடே கிடையாது. அதற்கு மிக அருகில் உள்ள கோடு 17.375. அரைப் படிக்குள், அதாவது 0.0625 ஹெர்ட்ஸுக்குள், வித்தியாசம் இருந்தால் அளவும் வேகமும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம். ஆர்.பி.எம். கணக்கில் அது நாலுக்கும் குறைவு. 24.6 என்பது 24.625 என்று வந்ததும் அப்படித்தான். வேகத்தை அளக்காமல் புல்லிக் கணக்கின் 17.57-ஐ வைத்துக்கொண்டு வந்தவருக்கு அருகில் உள்ள கோடு 17.625, முகடோ அதிலிருந்து இரண்டு படி தள்ளி நிற்கும். அவர் இதைப் புரியாத அதிர்வு என்று எண்ணியிருப்பார்.

இப்போது 6.8 உயரமுள்ள முகடு புளோயர் தண்டின் 1X என்பது ஐயமற்றது. மோட்டார் பேரிங்குகளில் அளந்தாலும் இதே 17.375 தெரியும், ஆனால் 2.5 உயரத்தில். அதிர்வு அடிச்சட்டம் வழியாகப் பரவி வருகிறது. பிறந்த இடத்தில்தான் உயரமாக இருக்கும். மோட்டாரின் மேல் சென்சார் வைத்து 17.4-ஐக் கண்டால் அதை மோட்டாரின் குறை என்று எழுதக் கூடாது. ஒரு முகடு எந்தத் தண்டுக்கு உரியது என்பதை அதன் அதிர்வெண் சொல்லும். சென்சார் ஒட்டிய இடம் சொல்லாது.

மோட்டாரும் புளோயரும் கப்ளிங் மூலம் நேராக இணைந்து ஒரே வேகத்தில் ஓடினால் இந்த வசதி கிடைக்காது. இரண்டுக்கும் 1X ஒன்றேதான். ஸ்பெக்ட்ரம் மட்டும் வைத்து எது குறையுள்ளது என்று பிரிக்க முடியாது. கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

1X எல்லாம் அன்பேலன்ஸ் அல்ல

அதிர்வெண் கிடைத்துவிட்டது. ஆனால் புளோயர் தண்டின் 1X உயர்ந்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. மையம் தவறிக் கடையப்பட்ட புல்லி, வளைந்த தண்டு, தளர்ந்த அடிக்கட்டு, தாங்கும் சட்டத்தின் இயல்பு அதிர்வெண் இந்த வேகத்துக்கு அருகே வந்துவிடுதல் ஆகிய எல்லாமே சுற்றுக்கு ஒருமுறை அதிர்வைத் தரும். ஸ்பெக்ட்ரத்தில் இவை அனைத்தும் ஒரே கோட்டில் வந்து உட்காரும். பிழையான முடிவு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது: 1X-ஐக் கண்டதும் எடை சேர்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

முதல் சோதனை முகட்டின் துணைகளைப் பார்ப்பது. அன்பேலன்ஸ் விசை ஒழுங்காகச் சுற்றும் விசை என்பதால் அதன் அலை தூய சைன் அலையாக இருக்கும். ஒரே முகடு, அதன் மடங்குகள் மிகச் சிறியவை. நம் படத்தில் 17.4-இன் இருமடங்கான 34.8-இல் 0.3 மட்டுமே இருக்கிறது. அடிக்கட்டு தளர்ந்திருந்தால் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் வரிசையாக முகடுகள் எழுந்திருக்கும். அது இல்லை.

இரண்டாவது சோதனை திசை. சுற்றும் விசை எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் கிடைவாட்டு, நிலைவாட்டு அளவுகள் ஓரளவு நெருங்கியே இருக்க வேண்டும். இங்கே கிடைவாட்டில் 6.8, நிலைவாட்டில் 5.1. சட்டம் கிடைவாட்டில் சற்று இளகலாக இருப்பது வழக்கம் என்பதால் இந்த வித்தியாசம் இயல்பானது. ஒரு திசை மற்றதைப்போல் நான்கைந்து மடங்கு இருந்தால் இயல்பு அதிர்வெண்ணைச் சந்தேகிக்க வேண்டும். எந்திரத்தை நிறுத்தி, சட்டத்தை மர அல்லது ரப்பர் சுத்தியலால் தட்டி, அது எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் கூர்மையானது. தண்டில் ஒட்டிய டேப்பை ஆதாரமாக வைத்துக் கருவி கட்டத்தையும் அளக்கும்: டேப் கடந்த பிறகு அதிர்வின் உச்சம் எத்தனை பாகை தள்ளி வருகிறது என்பது அது. கனமான இடம் கிடைவாட்டுத் திசையைக் கடந்து கால் சுற்றுக்குப் பின் நிலைவாட்டைக் கடக்கும். ஆகவே அன்பேலன்ஸில் இரண்டு திசைகளின் கட்டமும் ஏறத்தாழ 90 பாகை விலகியிருக்கும். நம் பேரிங்கில் கிடைவாட்டில் 40, நிலைவாட்டில் 125; வித்தியாசம் 85. மையம் தவறிய புல்லி இப்படிச் செய்யாது. அது பெல்ட்டை இழுத்துத் தளர்த்துவதால் இரண்டு புல்லிகளின் மையங்களையும் இணைக்கும் திசையில்தான் வலுவாகத் தள்ளும். கிடைவாட்டு, நிலைவாட்டுக் கட்டங்கள் ஒன்றாகவோ 180 பாகை எதிராகவோ வந்து விழும். இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகிலும் கட்டம் அப்படியே ஒரே கோட்டில் வரும்.

தண்டின் நீளவாட்டில் 3 மில்லிமீட்டர் அதிர்வு தெரிவது சிலரைக் குழப்பும். அன்பேலன்ஸில் நீளவாட்டு அதிர்வு குறைவாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். பேரிங்குகளுக்கு நடுவே இம்பெல்லர் உள்ள எந்திரத்துக்கு அது பொருந்தும். இங்கே இம்பெல்லர் முனையில் தொங்குவதால், அதன் எடைக் குறை தண்டை வளைத்து நீளவாட்டிலும் ஆட்டுகிறது. இரண்டு பேரிங்கிலும் நீளவாட்டுக் கட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் இது தொங்கு இம்பெல்லரின் அன்பேலன்ஸ் என்பது உறுதியாகும். தண்டு வளைந்திருந்தால் இரண்டு பேரிங்கிலும் நீளவாட்டுக் கட்டம் எதிரெதிராக நிற்கும்.

வி.எஃப்.டி. உள்ள எந்திரத்தில் இன்னொரு சோதனையும் கைக்கு எட்டும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அன்பேலன்ஸின் முகடு புதிய 1X-க்கு நகர்ந்து போகும், உயரமும் சீராகக் குறையும். மின்சாரத்தோடு தொடர்புள்ள அதிர்வு டிரைவ் தரும் அதிர்வெண்ணைத்தான் பின்தொடரும், தண்டின் வேகத்தை அல்ல. மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தும் நொடியில் படத்தைக் கவனித்தாலும் இந்த வேறுபாடு தெரியும்: 100 ஹெர்ட்ஸ் முகடு சட்டென மறையும், 1X, வேகம் இறங்க இறங்க மெல்லத் தேயும்.

சரிபார்ப்பு

இத்தனைக்கும் பிறகு குறை இம்பெல்லரில் என்று எழுதலாம். உடனே எதிர் எடையை வெல்டு செய்யக் கூடாது. தூசி உறிஞ்சும் புளோயரில் முதல் வேலை மூடியைத் திறந்து சிறகுகளைப் பார்ப்பது. சிறகின் பின்புறம் தூசி கட்டியாகப் படிவதும், அதில் ஒரு துண்டு பெயர்ந்து விழுவதும் திடீர் அன்பேலன்ஸுக்கு மிகப் பொதுவான காரணம். படிவின் மேலேயே எதிர் எடை வைத்தால், அடுத்த வாரம் இன்னொரு துண்டு விழும்போது அந்த எடையே குறையாகிவிடும்.

எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 21940-11 தரக்குறிப்பு பொதுவான விசிறிகளுக்கு G 6.3 என்ற தரத்தைச் சொல்கிறது. 120 கிலோ எடையுள்ள இம்பெல்லர் 1044 ஆர்.பி.எம்.-இல் ஓடும்போது, 400 மில்லிமீட்டர் தூரத்தில் வைத்துக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 17 கிராம். ஒரு சிறகில் ஒரு கைப்பிடித் தூசி தங்கினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

சிறகுகளை உலோகம் தெரியும்வரை சுரண்டிச் சுத்தம் செய்தபின் அதே இடத்தில், அதே அமைப்பில், அதே சுமையில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே கண்டறிந்தது சரியா என்பதற்கான சோதனை. நம் புளோயரில் 17.375-இன் முகடு 6.8-இலிருந்து 1.6-ஆக இறங்குகிறது. மொத்த அதிர்வு 7.5-இலிருந்து 3.6-ஆகிறது. மற்ற முகடுகள் எதுவும் அசையவில்லை: பெல்ட்டின் 13 ஹெர்ட்ஸ் அதே 1.9-இல் நிற்கிறது, மோட்டாரின் 24.625-ம் அதே 2.2. இப்போது படத்தில் உயர்ந்து நிற்பது மோட்டாரின் 1X. அது மோட்டாரிலிருந்து வருகிறதா, அதன் புல்லியிலிருந்து வருகிறதா என்பதைப் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டி அளந்து சொல்லலாம். அப்போது சுமை இல்லாத மோட்டார் 1500-க்கு மிக அருகே ஓடும் என்பதால், முகட்டை 24.6-இல் தேடாமல் 25-ஐ ஒட்டித் தேட வேண்டும்.